முக்கால் இன்ச் சேனலில் காணாமல் போன 17 சதவீதம்

கடைசியில் கணக்கு 98 சதவீதத்தில் வந்து நின்றது. அதற்கு எனக்கு நான்கு சனிக்கிழமைகள் ஆயின. சாய்தளத்தில் குண்டு உருட்டும் சோதனைதானே, அரை நாளில் முடித்து திங்கட்கிழமை 11ஆம் வகுப்புக்குக் காட்டிவிடலாம் என்றுதான் இறங்கினேன்.

செய்ய நினைத்தது இவ்வளவுதான். ஒரு எஃகுக் குண்டை h உயரத்திலிருந்து உருட்ட வேண்டும். கீழே வந்து சேரும் நேரத்தையும், சேரும்போது உள்ள வேகத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மேலே இருந்த நிலை ஆற்றல் முழுவதும் கீழே இயக்க ஆற்றலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குண்டு வழுக்கிக்கொண்டு வரவில்லை, உருண்டு வருகிறது. எனவே ஆற்றலில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடும். திண்மக் கோளத்துக்கு அந்தத் திருத்தம் 7/5 என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த 7/5ஐ ஒருமுறைகூட அளந்து பார்த்ததில்லை.

தடமும் உயரமும்

அலுமினியம் கடையில் முக்கால் இன்ச் யு-சேனல் ஒன்று வாங்கி ஆறடிக்கு வெட்டிக்கொண்டேன். சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். வெர்னியரில் உள் அகலம் 16.0 மி.மீ. வந்தது. குண்டு ஒரு இன்ச் பால்ரஸ் குண்டு, விட்டம் 25.4 மி.மீ., ஆய்வகத் தராசில் 67 கிராம். குண்டு சேனலுக்குள் இறங்காமல் இரண்டு சுவர் விளிம்புகளின் மேல் உட்கார்ந்து, ரயில் தண்டவாளத்தில் போவதுபோல நேராக ஓடியது. பக்கவாட்டில் விழாது என்பதால் அப்போது எனக்கு அது பெரிய வசதியாகப் பட்டது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையே சேனல் வழியாக 1.500 மீட்டர். அந்த இரண்டு புள்ளிகளுக்கு நேர் கீழே தாங்கு கட்டைகள். மேல் பக்கக் கட்டையை 75 மி.மீ. கூடுதலாக அறுத்து வைத்து, h = 75 மி.மீ. என்று நோட்டில் எழுதிவிட்டேன். முதல் தவறு அங்கேயே. ஆய்வக மேசை மட்டமாக இல்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைப் பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து இரவல் வாங்கி, இரண்டு முனைகளிலும் நீர்மட்டத்திலிருந்து சேனல் விளிம்பு வரை எஃகு அளவுகோலால் அளந்தபோது 71 மி.மீ.தான் இருந்தது. மேசை 4 மி.மீ. எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 75க்கு 4 என்றால் ஐந்து சதவீதம். அட்டைத் துண்டுகள் சொருகி 75க்குக் கொண்டுவந்தேன்.

இரண்டாவது, சேனல் நடுவில் தொய்ந்தது. முனைக்கு முனை நூல் கட்டிப் பார்த்தால் நடுவில் 3 மி.மீ. இடைவெளி. கடைசி வேகத்துக்கு இது ஒன்றும் செய்யாது, ஏனென்றால் ஆற்றல் கணக்குக்கு இரு முனைகளின் உயர வேறுபாடு மட்டும் போதும். நேரம் அப்படியில்லை, வழியில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளமும் அதில் ஏறும். தொய்வு இருந்தால் முதல் பாதி செங்குத்தாகிக் குண்டு முன்கூட்டியே வேகம் பிடித்து, சீக்கிரம் வந்து சேரும். நடுவில் மூன்றாவது கட்டை ஒன்று வைத்து, நூலோடு ஒட்டும்வரை தூக்கினேன்.

நேரம் பார்ப்பது

முதலில் ஸ்டாப் வாட்ச். நானே விட்டு நானே அழுத்தினேன். பத்து முறையில் 2.9லிருந்து 3.4 வரை எல்லாம் வந்தது. அதை மூடி வைத்துவிட்டு ஆர்டுயினோ யூனோ பலகையை எடுத்தேன்.

தொடக்கத்தில் ஒரு ஒளிக்கதிர், முடிவில் ஒரு ஒளிக்கதிர் என்று இரண்டு சென்சார் வைப்பதாகத்தான் திட்டம். குண்டை முதல் கதிருக்குச் சற்று மேலே கையால் பிடித்து விடுவேன், கதிரை மறைத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்தச் 'சற்று மேலே'தான் வினை. ஓய்விலிருந்து புறப்படும் குண்டு முதல் சில மில்லிமீட்டரை மிக மெதுவாகத்தான் கடக்கும். இந்தச் சரிவில் 3 மி.மீ. கடக்க 0.14 விநாடி. நான் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பின் பிடித்ததில் அளவீடு அதே அளவுக்கு ஆடியது.

எனவே முதல் சென்சாரைக் கழற்றிவிட்டு ஒரு சின்னக் கதவு செய்தேன். சேனலுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை, அதில் ஒரு பித்தளைக் கீல், கீலில் தீப்பெட்டி அளவு பிளைவுட் துண்டு. துண்டில் இரண்டு பித்தளைத் திருகுகளை அருகருகே முடுக்கி, பின்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு ஒயர். மூடிய கதவில் குண்டு சாய்ந்து நிற்கும்போது இரண்டு திருகுத் தலைகளையும் தொடும், சுற்று மூடும். கொக்கியை விட்டால் ரப்பர் பேண்டு கதவைச் சரிவின் திசையிலேயே வெடுக்கென்று இழுத்துவிடும். குண்டு தொடர்பை விட்ட கணத்தில் கடிகாரம் தொடங்கும். கதவு குண்டைவிடப் பல மடங்கு வேகமாக விலகுவதால் குண்டைத் தள்ளுவதுமில்லை, தடுப்பதுமில்லை.

இதுவும் முதல் நாள் வேலை செய்யவில்லை. குண்டு நிற்கும்போதே தொடர்பு விட்டுவிட்டு வந்தது. காரணம் இரண்டு. பால்ரஸ் குண்டு எண்ணெய் பூசித்தான் வரும். அத்தோடு இவ்வளவு சின்னச் சரிவில் குண்டு கதவை அழுத்தும் விசை மூன்றரை கிராம் எடைக்கும் குறைவு. அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலமே போதும், மின்சாரம் போகாது. குண்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, திருகுத் தலைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் சரியானது. வாரத்துக்கு ஒருமுறை மறுபடி தேய்க்க வேண்டியிருக்கிறது.

கீழ்முனையில் சேனலின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி., எதிர்ப்பக்கம் அதை வாங்கும் சென்சார். குண்டு மறைத்தால் வெளியீடு HIGH. நிரலில் அலங்காரம் எதுவும் இல்லை:

```
const int START = 2, GATE = 3;
void setup() {
  pinMode(START, INPUT_PULLUP);
  pinMode(GATE, INPUT);
  Serial.begin(9600);
}
void loop() {
  while (digitalRead(START) == HIGH);
  delay(1000);
  while (digitalRead(START) == LOW);
  unsigned long t0 = micros();
  while (digitalRead(GATE) == LOW);
  unsigned long t1 = micros();
  while (digitalRead(GATE) == HIGH);
  unsigned long t2 = micros();
  Serial.print((t1 - t0 + (t2 - t1) / 2) / 1e6, 3);
  Serial.print("  ");
  Serial.println((t2 - t1) / 1e3, 2);
}
```

`delay(1000)` குண்டைக் கதவில் வைக்கும்போது அது குதிக்கும் சில கணங்களைத் தாண்டுவதற்கு. முதல் எண் பயண நேரம், விநாடியில். குண்டின் மையம் கதிரைக் கடக்கும் கணம் வேண்டும் என்பதால் மறைத்த நேரத்தில் பாதியைச் சேர்த்திருக்கிறேன். இரண்டாவது எண் கதிர் மறைந்திருந்த நேரம், மில்லிவிநாடியில். குண்டின் நீளத்தை அதால் வகுத்தால் கடைசி வேகம். யூனோவில் `micros()` 4 மைக்ரோவிநாடிப் படிகளில் நகர்கிறது. நமக்கு அது தாராளம்.

பொய்யாகப் பொருந்தியது

இரண்டாவது சனிக்கிழமை பத்து ஓட்டம் ஓட்டினேன். பயண நேரம் 3.21க்கும் 3.23க்கும் நடுவிலேயே நின்றது, சராசரி 3.22 விநாடி. மறைத்த நேரம் 25.1 மில்லிவிநாடி. 25.4 மி.மீ.ஐ 25.1ஆல் வகுத்தால் வேகம் 1.012 மீ/வி.

புத்தகக் கணக்கு என்ன சொல்கிறது? g = 9.78 என்று எடுத்துக்கொண்டேன். தமிழ்நாட்டின் அட்சரேகையில் 9.8ஐவிட அதுதான் பொருத்தம். mgh முழுவதும் (7/5) × ½mv² ஆனால் v = 1.024 மீ/வி வர வேண்டும். எனக்கு வந்தது 1.012. ஆற்றலில் பார்த்தால் 97.7 சதவீதம். மீதி உராய்வு. ஆய்வக உதவியாளரிடம் "அண்ணே, முடிஞ்சுது, திங்கட்கிழமை காட்டிடலாம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீக்கடையில் உட்கார்ந்துதான் நேரத்தைக் கணக்குப் போட்டேன். அதே 7/5ஐ வைத்தால் 1.5 மீட்டர் கடக்க 2.93 விநாடி ஆக வேண்டும். எனக்கு 3.22. பத்து சதவீதம் அதிகம். வேகம் பொருந்துகிறது, நேரம் பொருந்தவில்லை.

முதல் சந்தேகம் கதவின் மேல். குண்டு திருகை விட்டு விலகிய பிறகும் எங்கேயோ சிக்கி 0.29 விநாடி தாமதமாகப் புறப்படுகிறதோ? செல்போனில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பார்த்தேன். கதவு திறந்ததும் குண்டு நகரத் தொடங்கிவிடுகிறது. 0.29 விநாடி என்றால் எழுபது படங்கள், கண்ணுக்குத் தப்பாது. கதவு குற்றவாளி இல்லை.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். ஓய்விலிருந்து மாறா முடுக்கத்தில் வரும் எந்தப் பொருளுக்கும் கடைசி வேகம் சராசரி வேகத்தைப் போல இரண்டு மடங்கு. 2L/t, அதாவது 3.000/3.22 = 0.932 மீ/வி. இதில் சுழற்சியும் இல்லை, 7/5உம் இல்லை, g கூட இல்லை. என் சென்சார் சொல்வது 1.012. தடம் நேராக இருப்பதை நூல் வைத்துப் பார்த்தாகிவிட்டது. ஆக, இரண்டு எண்களில் ஒன்று பொய். பத்து ஓட்டத்திலும் ஒரே மாதிரி வருவதைப் பார்த்து நம்பிவிட்டிருக்கிறேன்.

பொய் சொன்னது சென்சார். சரியாகச் சொன்னால், நான் அதற்குக் கொடுத்த 25.4. குண்டு கதிரை மறைக்கும் நீளம், கதிர் குண்டின் நட்ட நடுவில் போனால்தான் முழு விட்டம். மேலேயோ கீழேயோ போனால் ஒரு நாண் நீளம் மட்டும்தான். நான் சென்சாரைத் திருகு போட இடம் கிடைத்த உயரத்தில் வைத்திருந்தேன். உயரத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. அளந்து பார்த்தால் கதிர் குண்டின் மையத்துக்கு 5 மி.மீ. கீழே போகிறது.

சூத்திரம் போட்டு நாணைக் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் கதிருக்கும் தடிமன் உண்டு, சென்சார் எந்த அளவு வெளிச்சத்தில் மாறுகிறது என்பதும் அதன் திருகு அமைப்பைப் பொறுத்தது. நேரடியாக அளப்பதே நல்லது. சேனலின் பக்கத்தில் வரைபடத்தாள் ஒட்டி, மட்டமாக வைத்து, குண்டை ஒரு மர அளவுகோலின் நுனியால் தள்ளிக்கொண்டே போனேன். சென்சார் பலகையில் இருக்கும் சிவப்பு விளக்கு மாறும் இரண்டு இடங்களிலும் அளவுகோல் நுனிக்கு நேரே பென்சில் கோடு. ஐந்து முறை செய்ததில் இடைவெளி 23.4 மி.மீ. இப்போது வேகம் 23.4/25.1 = 0.932. 2L/t சொன்னது அதேதான்.

இரண்டு அளவும் ஒத்துப்போயின. அந்தச் சந்தோஷம் அடுத்த வரியில் போய்விட்டது. 0.932ஐ வைத்து 7/5 கணக்குப் போட்டால் ஆற்றல் 83 சதவீதம்தான் வருகிறது. 17 சதவீதம் காணோம்.

உராய்வின் மேல் பழியைப் போடலாமா

மாணவர்களின் பதிவேடுகளில் இந்த இடத்தில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும்: "உராய்வினால் சிறிது ஆற்றல் இழக்கப்பட்டது." நானும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை அந்த உராய்வை அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அளப்பது சுலபம். 17 சதவீதத்தை உராய்வு தின்றால், 75 மி.மீ. உயரத்தில் கிட்டத்தட்ட 13 மி.மீ. உயரம் முழுக்க உராய்வுக்கே செலவாகிறது என்று அர்த்தம். அப்படியானால் சேனலை 13 மி.மீ. சரிவில் வைத்து குண்டை மெல்லத் தட்டிவிட்டால் அது வேகம் கூடாமல், குறையாமல் ஓட வேண்டும். அதற்குக் கீழே சரிவு இருந்தால் நின்றுவிட வேண்டும்.

தண்ணீர்க் குழாய் வைத்துச் சேனலை மட்டமாக்கி, ஒரு முனையின் அடியில் ஏ4 தாள்களை ஒவ்வொன்றாகச் சொருகினேன். ஒரு தாள் 0.1 மி.மீ. தட்டிவிட்ட குண்டு பத்துத் தாள் வரை முக்கால் வழியில் தயங்கியது. பன்னிரண்டாவது தாளில் சீராகக் கடைசி வரை போனது. பதினைந்தில் தெளிவாக வேகம் பிடித்தது. எனவே உராய்வின் பங்கு 1.2 மி.மீ. 75இல் அது ஒன்றரை சதவீதம் சொச்சம். 17இல் மீதி பதினைந்துக்கு இன்னும் பதில் இல்லை.

ஒரு கறுப்புப் புள்ளி

மூன்றாவது சனிக்கிழமை பிளஸ் ஒன் பிள்ளைகள் நான்கு பேர் செய்முறைப் பதிவேட்டோடு வந்திருந்தார்கள். ஒரு மாணவி கண்ணைச் சேனலின் மட்டத்துக்குக் கொண்டுவந்து குண்டை முனையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், குண்டோட அடி எதையுமே தொடல. ரெண்டு பக்க விளிம்புலதான் நிக்குது."

"அது தெரியும்மா. அதனாலதான் நேரா ஓடுது."

"அப்ப உருளுற ஆரம் எது சார்? அடிப்பக்கம் வரைக்குமா, இல்ல விளிம்பு வரைக்குமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. மார்க்கரை எடுத்து குண்டின் உச்சியில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன். மட்டமாக்கிய சேனலில் விரலால் மெல்ல உருட்டி, புள்ளி மறுபடி உச்சிக்கு வரும் ஒவ்வொரு முறையும் வரைபடத்தாளில் கோடு போட்டோம். 25.4 மி.மீ. விட்டக் குண்டு ஒரு சுற்றுக்கு 79.8 மி.மீ. போக வேண்டும், ஐந்து சுற்றுக்கு 399. எங்களுக்கு ஐந்து சுற்று 310 மி.மீ.இல் முடிந்துவிட்டது. ஒரு சுற்றுக்கு வெறும் 62.

குண்டு நான் நினைத்ததைவிட வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கிறது, நகரும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும். சுழற்சியின் அச்சிலிருந்து விளிம்பைத் தொடும் இடம் வரை உள்ள தூரம்தான் உருளும் ஆரம். அது குண்டின் ஆரம் 12.7 அல்ல, 62ஐ 2πயால் வகுத்த 9.87 மி.மீ. வெர்னியர் அளவுகளிலிருந்தும் சரிபார்க்கலாம். கர்ணம் 12.7, ஒரு பக்கம் சேனலின் பாதி அகலம் 8. பிதாகரஸ் போட்டால் மறுபக்கம் 9.86.

இனி திருத்தம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நிலைமத் திருப்புத்திறன் குண்டின் சொந்த ஆரத்தால் வருவது, (2/5)mR², அதில் மாற்றமில்லை. ஆனால் சுழலும் வேகம் v/R இல்லை, v/r. எனவே மொத்த இயக்க ஆற்றல்

```
E = ½ m v² k
k = 1 + (2/5)(R/r)²
```

R = r ஆனால் மட்டும் k = 7/5. என் சேனலில் (12.7/9.87)² = 1.656, ஆகவே k = 1.66. பயண நேரம் √k மடங்கு நீளும். வழுக்கி வந்தால் 2.48 விநாடி, 7/5 என்றால் 2.93, 1.66 என்றால் 3.19. நான் அளந்தது 3.22. ஆற்றல் 98 சதவீதம். மீதி இரண்டில் ஒன்றரையை ஏ4 தாள்கள் ஏற்கெனவே கணக்குக் காட்டிவிட்டன.

இரண்டாவது சனிக்கிழமை எல்லாம் பொருந்தியது எப்படி என்பதும் இப்போது விளங்கியது. நாணுக்குப் பதில் விட்டத்தைப் போட்டதில் வேகம் எட்டரை சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. விளிம்பில் உருள்வதை மறந்ததில் எதிர்பார்த்த வேகத்தை ஒன்பது சதவீதம் கூடுதலாக வைத்திருந்தேன். இரண்டு தவறும் ஒன்றை ஒன்று தூக்கிப் பிடித்து நின்றன. நேரத்தையும் சேர்த்து அளக்காமல் வேகத்தோடு நிறுத்தியிருந்தால் திங்கட்கிழமை வகுப்பில் 97.7 என்று பெருமையாக எழுதிப் போட்டிருப்பேன்.

கலிலியோ 1638இல் விவரித்த சோதனையும் மர உத்தரத்தில் வெட்டிய பள்ளத்தில் வெண்கலக் குண்டு உருட்டியதுதான். பள்ளத்துக்குள் வழவழப்பான தோல்தாள் ஒட்டி, நேரத்தைப் பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரின் எடையால் அளந்தார். சுழற்சிக்குத் திருத்தம் எதுவும் அவர் போடவில்லை. போடாமலே தப்பித்தார், ஏனென்றால் அவர் பார்த்தது தூரம் நேரத்தின் இருமடியாகக் கூடுகிறதா என்ற விகிதத்தை மட்டும். ஒரே குண்டு, ஒரே பள்ளம் என்றால் k இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். g எவ்வளவு என்று கேட்டிருந்தால்தான் மாட்டியிருப்பார்.

சின்னக் குண்டு

ஒரே ஒரு எண் பொருந்தியதை வைத்து நம்புவதில்லை என்று அந்தச் சனிக்கிழமைதான் கற்றிருந்தேன். எனவே நான்காவது வாரம் அதே சேனலில் முக்கால் இன்ச் பால்ரஸ் குண்டு. விட்டம் 19.05 மி.மீ. புத்தகத்தின்படி திண்மக் கோளம் சின்னதோ பெரிதோ, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். புதுக் கணக்குப்படி இது சேனலுக்குள் ஆழமாக இறங்கி உட்காரும், r = 5.17 மி.மீ., k = 2.36. ஆற்றலில் பாதிக்கு மேல் சுழற்சிக்கே போய்விடும். நேரம் 3.80 விநாடி வர வேண்டும்.

ஓட்டுவதற்கு முன்பே 3.80 என்று பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். வந்தது 3.85. ஐந்து சுற்றுக்கு 162 மி.மீ. சென்சார் கதிர் இந்தக் குண்டுக்கு ஏறக்குறைய நட்ட நடுவில் போகிறது என்பது தற்செயல். பென்சில் கோடு முறையில் 19.0 மி.மீ. வந்தது, மறைத்த நேரம் 24.4 மில்லிவிநாடி, வேகம் 0.779. 2L/tயும் 0.779. ஆற்றல் 97.5 சதவீதம். பெரிய குண்டைவிட அரைச் சதவீதம் கூடுதல் இழப்பு. சின்னக் குண்டு விளிம்பை இன்னும் சாய்வாக நெருக்கி அழுத்துகிறது, தொடும் இடத்தில் தேய்ப்பும் கூடுதல் என்பது என் ஊகம். தாள் சொருகி அதைத் தனியாக அளக்கவில்லை.

கடைசியாக ஒரு எதிர்ச்சோதனை. ஒன்றரை இன்ச் சேனலின் உள்தளம் தட்டையானது, அதில் ஒரு இன்ச் குண்டு அடியில் ஒரே புள்ளியில் தொட்டு உருளும். இங்கேதான் 7/5 செல்ல வேண்டும். பக்கச் சுவரில் உரசினால் கீச்சென்று சத்தம் வரும், அந்த ஓட்டங்களைத் தள்ளிவிட்டேன். பதினேழு ஓட்டத்தில் ஆறுதான் சுத்தமாக வந்தன. சராசரி 2.95 விநாடி. 7/5 கேட்டது 2.93.

செலவும் அடுத்த முறையும்

முக்கால் இன்ச் சேனல் 320 ரூபாய், இரண்டு குண்டுகளும் சேர்ந்து 55, அகச்சிவப்பு சென்சார் 45, யூனோ நகல் பலகை 480, கீலும் பித்தளைத் திருகுகளும் 25. மொத்தம் 925. ஒன்றரை இன்ச் சேனல் ஜன்னல் வேலை செய்பவரிடம் கிடைத்த மிச்சத் துண்டு. பிளைவுட், ஒயர், வரைபடத்தாள் ஆய்வகத்திலேயே இருந்தவை.

மறுபடி செய்தால் சென்சாரை ஒரு நீள்துளையில் பொருத்தி மேலும் கீழும் நகர்த்தும்படி வைப்பேன். உயரத்தை மாற்றிக்கொண்டே மறைக்கும் நீளம் எங்கே உச்சத்துக்கு வருகிறது என்று பார்த்து அங்கே முடுக்கிவிடலாம். மையத்துக்குப் பக்கத்தில் அரை மில்லிமீட்டர் தவறினாலும் நாண் கிட்டத்தட்ட மாறாது. 5 மி.மீ. தள்ளி இருக்கும்போதோ அதே அரை மில்லிமீட்டர் வேகத்தைக் கிட்டத்தட்ட இரண்டு சதவீதம் நகர்த்திவிடும். உருளும் ஆரத்தை வெர்னியரை நம்பாமல் எப்போதும் புள்ளி வைத்துச் சுற்று எண்ணித்தான் எடுப்பேன். சேனல் விளிம்பு கூராக இருக்காது, எங்கே தொடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. சின்னக் குண்டுக்கு உள் அகலத்தில் 0.3 மி.மீ. தவறினால்கூட k ஐந்து சதவீதம் ஆடுகிறது.

அடுத்து இருப்பது எல்-ஆங்கிள். அதை வி வடிவில் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்தால் குண்டு இரண்டு சாய்ந்த முகங்களைத் தொடும், r எப்போதும் R/√2. அப்படியானால் எந்த அளவு திண்மக் குண்டுக்கும் k சரியாக 1.8, இதே சரிவில் 3.32 விநாடி. ஆறடித் துண்டு வாங்கி அலமாரி மேல் வைத்திருக்கிறேன். வெட்டிய முனையில் பிசிர் நிற்கிறது, முதலில் அதற்கு அரம் போட வேண்டும்.